மேலே 160, கீழே 70

விஸ்வநத்தத்துல அப்பத்தாவுக்கு பிபி பார்த்தேன்: 160/70. எனக்கு 130/85. "கீழ உன்னைவிடக் கம்மிதானடா"ன்னு அவங்களுக்கு ஒரே சந்தோஷம்.

சராசரி அழுத்தம் போட்டுப் பார்த்தேன். கீழ் எண்ணோட, ரெண்டுக்குமான வித்தியாசத்துல மூணில் ஒரு பங்கைக் கூட்டணும். இதயம் சுருங்குறதைவிட ஓய்வுல இருக்கிற நேரம் அதிகம், அதனாலதான் பாதி இல்ல. அவங்களுக்கு 70 + 30 = 100. எனக்கு 85 + 15 = 100. ரெண்டும் ஒண்ணு! சராசரியை மட்டும் பார்த்தா பக் தெரியாது.

வித்தியாசத்தைப் பாருங்க. அதுதான் நாடி அழுத்தம்: எனக்கு 45, அவங்களுக்கு 90. இளவயசுப் பெருந்தமனி ரப்பர் மாதிரி. இதயம் தள்ளுற ரத்தத்துல ஒரு பகுதியை விரிஞ்சு வாங்கி வெச்சு, ஓய்வு நேரத்துல சுருங்கி அனுப்பும். வயசானா அது விறைச்சுப் போகும். விரிய முடியாததால மேல் எண் ஏறுது. சேமிப்பு குறைஞ்சதால கீழ் எண் இறங்குது. அப்பத்தா சந்தோஷப்பட்ட அந்த 70-தான் அறிகுறி.

மாத்திரை கொடுத்தா ரெண்டு எண்ணுமே இறங்கும். ஆனா இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் ஓய்வு நேரத்துலதான் போகுது. அதனால டாக்டர் குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சு, "எந்திரிக்கும்போது தலை சுத்துதா?"ன்னு கேட்டாரு. சுத்துதாம். எங்ககிட்ட சொல்லவே இல்ல.