பாஸ்புக்ல ஒரு வருஷ வட்டியைக் காணோம்: பி.எஃப். ஆபீஸ்ல எப்படிக் கேட்பது?

(எபிசோடில் பேசியதன் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

பி.எஃப். பற்றி நமக்கு வர்ற கேள்விகள்ல அடிக்கடி வர்றது இதுதான்: "பாஸ்புக்ல எல்லா வருஷத்துக்கும் வட்டி இருக்கு, நடுவுல ஒரு வருஷத்துக்கு மட்டும் இல்ல. அந்தப் பணம் போச்சா?" பெரும்பாலும் அந்த ஒரு வருஷம் 2021-22. அதனால அந்த வருஷத்தையே எடுத்துக்கலாம்.

அந்த வருஷம் என்ன நடந்தது?

2021-22க்கு 8.1 சதவீத வட்டின்னு அறங்காவலர் குழு 2022 மார்ச்ல பரிந்துரை செஞ்சது. மத்திய அரசு ஜூன்ல ஒப்புதல் கொடுத்தது. அதுக்கப்புறமும் மாசக்கணக்கா பாஸ்புக்ல வட்டி வரி வரவே இல்ல. சமூக வலைத்தளங்கள்ல கேள்வி பெருசானதும், 2022 அக்டோபர்ல நிதி அமைச்சகம் பதில் சொன்னது. யாருக்கும் வட்டி இழப்பு இல்ல, மென்பொருளை மாத்திட்டு இருக்கறதால பாஸ்புக்ல தெரியலை, நடுவுல பணம் எடுக்கிறவங்களுக்கும் வட்டி சேர்த்துத்தான் கொடுக்கிறோம், இதுதான் அதோட சாரம்.

மென்பொருளை ஏன் மாத்தணும்? 2021 ஏப்ரல் 1லிருந்து ஒரு புது வரி விதி வந்தது. ஊழியரோட பங்கு வருஷத்துக்கு 2,50,000 ரூபாயைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு வர்ற வட்டிக்கு வரி உண்டு. அதுக்காக ஒரே ஆளோட கணக்கை வரி உள்ள பகுதி, வரி இல்லாத பகுதின்னு ரெண்டாப் பிரிக்கணும். கோடிக்கணக்கான கணக்குகளுக்கு இதைச் செய்யறவரைக்கும் வட்டிப் பதிவு நின்னுச்சு.

ஆக, தாமதம் வேற, விடுபடுதல் வேற. உங்க பாஸ்புக்ல இருக்கிறது எதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். அது தெரியாம ஆபீசுக்குப் போனா, "வரும், வெயிட் பண்ணுங்க"ங்கிற பதிலோட திரும்பி வரவேண்டியதுதான்.

பாஸ்புக்கை எப்படிப் படிக்கிறது?

passbook.epfindia.gov.in தளத்துல உங்க UAN போட்டு நுழைஞ்சா, Member ID வாரியா பாஸ்புக் வரும். வட்டி விடுபட்ட வருஷத்தைத் திறங்க. கீழே `Int. Updated upto 31/03/2022`னு ஒரு வரி இருக்கணும். அது இல்லாம `Interest details N/A`னு இருந்தா, அந்த வருஷக் கணக்கு இன்னும் முடிக்கப்படலைன்னு அர்த்தம்.

இப்ப அதுக்கு அடுத்த வருஷத்தைத் திறங்க. அங்க வட்டி வந்திருக்கா? ரெண்டு வருஷமும் காலின்னா வரிசையில காத்திருக்கீங்கன்னு வெச்சுக்கலாம். ஆனா 2022-23, 2023-24க்கெல்லாம் வட்டி வந்து 2021-22 மட்டும் காலியா இருந்தா, அது காத்திருந்து சரியாகிற விஷயம் இல்ல. கேட்டாத்தான் சரியாகும்.

கேட்கிறதுக்கு முன்னாடி இன்னொரு இடத்தையும் பார்த்துடுங்க. அந்த வருஷம் கம்பெனி மாறினீங்களா? நடு வருஷத்துல பழைய கணக்கு புதுசுக்கு மாறியிருந்தா, மாறுறதுக்கு முந்தின மாசம் வரைக்குமான வட்டி பழைய கணக்குல கணக்கிடப்பட்டு, அசலோட சேர்ந்து `TRANSFER IN` வரியில வந்திருக்கும். புது பாஸ்புக்ல மிச்ச மாசங்களுக்கான வட்டி மட்டும்தான் தெரியும். காணாமப் போன வட்டின்னு வர்ற புகார்கள்ல ஒரு பகுதி இதுதான். சந்தேகம்னா அந்த மாற்றத்துக்கான Annexure K பிரதியைக் கேளுங்க. பழைய ஆபீஸ் எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி அனுப்புச்சுன்னு அதுல இருக்கும்.

எவ்வளவு வரணும்?

"வட்டி வரலை"ன்னு சொல்றதை விட "இவ்வளவு ரூபாய் வரலை"ன்னு சொல்றது பலமான புகார். கணக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. வட்டி மாசா மாசம் இருக்கிற இருப்புக்குக் கணக்கிடப்படும், ஆனா வருஷக் கடைசியிலதான் வரவு வைக்கப்படும். ஒரு மாசம் வரவான பங்களிப்புக்கு அடுத்த மாசத்துலேர்ந்து வட்டி ஓடும். ஏப்ரல்ல வந்த பணத்துக்கு 11 மாசம், மே மாசத்துக்கு 10, இப்படியே குறைஞ்சு மார்ச்ல வந்ததுக்கு பூஜ்யம். எல்லாத்தையும் கூட்டினா 66.

```
interest = OB * r + C * 66 * r / 12
```

`OB`ங்கிறது ஏப்ரல் 1 அன்னைக்கு இருந்த இருப்பு, `C` மாசப் பங்களிப்பு, `r` வட்டி விகிதம். மாசா மாசம் ஒரே தொகை வந்து, நடுவுல பணம் எடுக்காம இருந்தா இந்தச் சூத்திரம் சரியா வரும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை செய்யற ஒருத்தர்னு வெச்சுக்கோங்க. பி.எஃப். சம்பளம் 15,000. அவர் பங்கு 1,800. கம்பெனி பங்குல 1,250 பென்ஷனுக்குப் போய், 550 பி.எஃப்.ல சேருது. ஆக `C` 2,350. பென்ஷன் காலத்தைக் கூட்டிடாதீங்க, அதுக்கு இந்த வட்டி கிடையாது. 2021 ஏப்ரல் 1ல இருப்பு 3,00,000.

இருப்புக்கு 8.1 சதவீதம் 24,300 ரூபாய். பங்களிப்புகளுக்கு 1,047. மொத்தம் 25,347. அவருக்கு வரவேண்டிய தொகை இது. உங்க கணக்குல ரெண்டொரு ரூபாய் முன்னப்பின்ன வந்தா கவலைப்படாதீங்க. ஊழியர் பங்கையும் கம்பெனி பங்கையும் தனித்தனியா ரவுண்ட் பண்றதால வர்றது அது.

இப்பதான் முக்கியமான இடம். இந்த 25,347 வரலைன்னா இழப்பு 25,347 மட்டும் இல்ல. அது 2022 மார்ச் 31ல அசலோட சேர்ந்திருந்தா, அடுத்த வருஷம் 8.15, அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் 8.25னு வட்டிக்கு வட்டி வந்திருக்கும். 2025 மார்ச் 31ல அதே பணம் ஏறக்குறைய 32,122 ஆகியிருக்கும். அதனால ஆபீஸ்ல "வட்டி போட்டாச்சு"ன்னு சொன்னா அதோட விட்டுடாதீங்க. 2022 ஏப்ரல் 1 அன்னைக்கு ஆரம்ப இருப்பு என்னன்னு பாருங்க. நம்ம உதாரணத்துல 3,00,000, வருஷப் பங்களிப்பு 28,200, வட்டி 25,347, ஆக 3,53,547 இருக்கணும். 3,28,200னே இருந்தா வேலை இன்னும் முடியலை.

யார்கிட்ட கேட்கிறது?

ஆவடியில வீடு, பூந்தமல்லியில வேலை, எந்த ஆபீஸ்னு கேட்பாங்க. வீடு எங்கங்கிறது இதுல கணக்கே இல்ல. Member IDயோட முதல் அஞ்சு எழுத்தைப் பாருங்க. `TNAMB`னா அம்பத்தூர் மண்டல அலுவலகம். `TNMAS`னா சென்னை. கம்பெனி பெங்களூருல பதிவாகியிருந்தா, நீங்க அம்பத்தூர்லயே உட்கார்ந்து வேலை செஞ்சாலும் கணக்கு அங்கதான் இருக்கும். அம்பத்தூர் ஆபீஸ்னு பேரே தவிர, அது இருக்கிறது முகப்பேர் கிழக்குல. இன்னொண்ணு, சில பெரிய கம்பெனிகள் சொந்தமா டிரஸ்ட் வெச்சு பி.எஃப். நடத்துது. அவங்க ஊழியர்கள் கேட்கவேண்டியது அந்த டிரஸ்ட்டைத்தான்.

நேர்ல போறதுக்கு முன்னாடி epfigms.gov.in தளத்துல புகார் பதிவு பண்ணுங்க. PF Member தேர்வு செஞ்சு, UAN போட்டு, OTP கொடுத்து, வட்டி விடுபட்ட அந்த Member IDயைத் தேர்வு செய்யணும். இங்க தப்பான IDயைத் தேர்ந்தா புகார் வேற ஆபீசுக்குப் போயிடும். பாஸ்புக் இருப்பு சம்பந்தப்பட்ட வகையைத் தேர்வு செஞ்சு, பாஸ்புக் PDFஐயும் இந்த மாதிரி ஒரு கடிதத்தையும் இணைச்சுடுங்க:

> பெறுநர்: மண்டல வருங்கால வைப்பு நிதி ஆணையர், (அலுவலகம்)
>
> பொருள்: 2021-22 வட்டி வரவு வைக்கப்படாமை, பாஸ்புக் திருத்தம் கோருதல்
>
> ஐயா/அம்மா, என் UAN ..., Member ID .... இக்கணக்கில் 2020-21க்கும் 2022-23க்கும் வட்டி வரவாகியுள்ளது. 2021-22க்கு வரவாகவில்லை. என் கணக்கீட்டின்படி வரவேண்டிய தொகை ரூ. ... (கணக்கீடு இணைப்பில்). இந்த வட்டியை 31.03.2022 தேதியிட்டு வரவு வைத்து, அதன்பின் வந்த ஆண்டுகளின் ஆரம்ப இருப்பையும் வட்டியையும் மறுகணக்கீடு செய்து, பாஸ்புக்கைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வட்டி தர இயலாது எனில், எந்த விதியின்கீழ் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

கடைசி வரியை விட்டுடாதீங்க. சில சமயம் வட்டி வராததுக்கு உண்மையிலேயே விதி காரணமா இருக்கும். 2011 ஏப்ரல்லேர்ந்து 2016 நவம்பர் வரைக்கும், 36 மாசம் பங்களிப்பு வராத கணக்குகளுக்கு வட்டி நிறுத்தப்பட்டிருந்தது. மூடின பழைய கம்பெனியில அப்பாவோட கணக்கு ஒண்ணு இருந்து, அந்த வருஷங்கள்ல வட்டி காலியா இருந்தா, அது பெரும்பாலும் இந்த விதியாலதான். இன்னொரு விஷயம், Joint Declaration படிவம் இதுக்கு இல்ல. அது பேர், பிறந்த தேதி மாதிரி விவரங்களைத் திருத்தறதுக்கு.

"பாஸ்புக் பார்க்கவும்"னு மூடிட்டா?

இது நடக்கும். அப்ப பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு புதுசா ஒண்ணு போடுங்க. ஆரம்ப இருப்பு எவ்வளவு இருக்கு, எவ்வளவு இருக்கணும், இந்த ரெண்டு எண்ணை மட்டும் எழுதுங்க. நேர்ல பேசணும்னா மாசம் 27ஆம் தேதி 'நிதி ஆப்கே நிகட்'னு குறைதீர் முகாம் நடக்குது. அன்னைக்கு லீவுன்னா அடுத்த வேலை நாள். கடிதம் ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய், ஒண்ணுல சீல் வாங்கிக்கோங்க.

அப்புறமும் நகரலைன்னா rtionline.gov.in. கட்டணம் 10 ரூபாய், 30 நாள்ல பதில் வரணும். அதுல "ஏன் வட்டி போடலை?"ன்னு கேட்காதீங்க. அவங்க கொடுக்கவேண்டியது ஆவணத்தை, விளக்கத்தை இல்ல. "என் Member IDக்கு 2021-22 ஆண்டுக் கணக்கு முடிக்கப்பட்ட தேதி, வரவான வட்டித் தொகை, என் புகார் மீதான கோப்புக் குறிப்புகளின் நகல்"னு கேளுங்க. கடைசி வழி நுகர்வோர் ஆணையம். பி.எஃப். உறுப்பினர் ஒரு நுகர்வோர்தான்னு ஷிவ் குமார் ஜோஷி வழக்குல 1999 டிசம்பர்லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

இன்னைக்கு பாஸ்புக்கைத் திறந்து, ஒவ்வொரு வருஷத்தோட கடைசி இருப்பும் அடுத்த வருஷத்தோட ஆரம்ப இருப்பும் ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாருங்க. எங்க ஒட்டலையோ அந்த வருஷத்துலேர்ந்து கணக்குப் போட ஆரம்பிங்க.