எதிரெதிரே இரண்டு கப்பல்கள்



எனக்குச் சொந்த ஊர் புதியம்புத்தூர். சுற்றிலும் கரிசல் காடு, ஊருக்குள் வீட்டுக்கு வீடு தையல் மிஷின் சத்தம். கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் தூத்துக்குடி பக்கம் என்பதால் எங்கள் பகுதிப் பையன்கள் பலர் கப்பல் வேலைக்குப் போகிறார்கள். நானும் போனவன்தான். கப்பல் மேல்தளத்தில் இரவுக் காவல் நின்றே பல வருடங்கள் கழிந்தன. லீவில் ஊருக்கு வந்தால் டீக்கடையில் ஒரே கேள்வி: "அண்ணாச்சி, கடல்ல ரோடு கிடையாது, கோடு கிடையாது. நேருக்கு நேரா ஒரு கப்பல் வந்தா யாரு ஒதுங்கணும்?"

இரண்டு பேரும் ஒதுங்க வேண்டும். இரண்டு பேரும் அவரவர் வலது கைப் பக்கம் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் அவன் இடப்பக்கமும் நம் இடப்பக்கமும் பார்த்துக்கொள்ள, இரண்டும் விலகிப் போய்விடும். நம் ஊர் ரோட்டில் இடப்பக்கம் ஒதுங்கிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். இந்தியக் கப்பலாக இருந்தாலும் பனாமாக் கொடி கட்டிய கப்பலாக இருந்தாலும் கடலில் விதி ஒன்றுதான். 1972-இல் நாடுகள் கூடி ஒப்புக்கொண்டு, 1977 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த மோதல் தடுப்பு விதிகளில் இது பதினான்காவது விதி. நம்ம கப்பல் பெரியது, அவன் சின்னவன், அவனே ஒதுங்கட்டும் என்கிற பேச்சுக்கு இதில் இடமே இல்லை. இன்ஜினில் ஓடுகிற இரண்டு கலங்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டுக்கும் கடமை சமம்.

இந்த வழக்கம் 1972-க்கு முன்பே உண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டாரே, அந்தக் காலியாவும் லாவோவும் 1907-இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் எதிரெதிரே சந்தித்திருந்தால், அவற்றின் மாலுமிகளும் சுக்கானை வலப்பக்கமாகத்தான் திருப்பியிருப்பார்கள்.

சரி, இருட்டில் எதிரே வருகிறவன் நேராக வருகிறானா, குறுக்கே போகிறானா என்று எப்படித் தெரியும்? அதே தூத்துக்குடி, கொழும்பு வழியிலேயே ஒரு ராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் இங்கிருந்து போகிறோம், ஒரு சரக்குக் கப்பல் அங்கிருந்து வருகிறது. இரண்டுக்கும் வேகம் மணிக்கு 12 கடல் மைல். ஒரு கடல் மைல் என்றால் 1,852 மீட்டர்.

முதலில் கண்ணுக்குப் படுவது வெள்ளை விளக்குகள். 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலுக்குப் பாய்மர உயரத்தில் இரண்டு வெள்ளை விளக்கு உண்டு. முன்னால் இருப்பது தாழ்வு, பின்னால் இருப்பது உயரம். இந்த இரண்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, கோயில் சரவிளக்கில் அடுக்கி வைத்த மாதிரி ஒரே நேர்க்கோட்டில் தெரிந்தால் அவன் மூக்கு நம்மைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். தாழ்ந்த விளக்கு நமக்கு இடப்பக்கம் தள்ளி நின்றால் அவன் நம் இடப்பக்கமாகப் போகிறான். வலப்பக்கம் தள்ளி நின்றால் வலப்பக்கமாகப் போகிறான்.

அதற்குப் பிறகுதான் நிற விளக்குகள் தெரியும். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேருக்கு நேர் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளை விளக்கு குறைந்தது 6 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்கிறது விதி. நிற விளக்குக்கு அது 3 மைல்தான். இரண்டு கப்பலும் சேர்ந்து மணிக்கு 24 மைல் வேகத்தில் நெருங்குகின்றன. 6 மைலில் நம் கையில் இருப்பது 15 நிமிடம். சிவப்பும் பச்சையும் தெரியட்டும் என்று காத்திருந்தால் பாதி நேரம் போய்விடும். ஆகையால்தான் மூத்த மாலுமிகள், வெள்ளை விளக்கு இரண்டும் கோட்டில் நிற்கும்போதே முடிவெடு என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

எவ்வளவு திரும்ப வேண்டும்? புதிதாகக் காவல் நிற்கிற பையன்கள் தப்புவிடும் இடம் இதுதான். 5 பாகை திருப்பினால் போதும் என்று நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 பாகை திருப்பி ஒரு மைல் ஓடினால் நம் கப்பல் பக்கவாட்டில் விலகுவது சுமார் 160 மீட்டர். 200 மீட்டர் நீளக் கப்பலில் நின்றுகொண்டு 160 மீட்டர் விலகினேன் என்று சொல்வதில் என்ன இருக்கிறது? அதுகூடப் பரவாயில்லை. எதிரே இருப்பவனுக்கு நாம் திரும்பியதே தெரியாது. நம் இரண்டு வெள்ளை விளக்கும் அவன் கண்ணுக்கு ஏறக்குறைய கோட்டிலேயே நிற்கும். அலையில் கப்பல் தலையை ஆட்டிக்கொண்டு வருவதால் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னும். அவன் குழம்புவான்.

அதே இடத்தில், 4 மைல் தூரம் இருக்கும்போதே 30 பாகை திருப்பிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு மைல் ஓடுவோம். அதில் அரை மைல் பக்கவாட்டில் விலகிவிடுவோம். அவனும் அப்படியே செய்தால் நடுவில் ஒரு முழு மைல் கிடைத்துவிடும். அதைவிட முக்கியம், அவன் கண்ணுக்குப் பச்சை மறைந்து சிவப்பு மட்டும் நிலையாக நிற்கும், வெள்ளை விளக்குகள் தெளிவாகப் பிரிந்துவிடும். நாம் என்ன செய்கிறோம் என்பது ஒரு வார்த்தை பேசாமலே அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த நேரத்தில் மேல்தளத்தில் நடப்பது இவ்வளவுதான். அதிகாரி "ஸ்டார்போர்டு டென்" என்பார். சுக்கான் பிடித்திருப்பவர் அதையே திருப்பிச் சொல்லிச் சக்கரத்தைச் சுற்றுவார். கப்பல் ஊதல் ஒரு முறை, ஒரு வினாடி அளவுக்கு ஒலிக்கும். ஒரு ஊதல் என்றால் வலப்பக்கம் திரும்புகிறேன் என்று பொருள். இரண்டு என்றால் இடப்பக்கம். விரைவாக ஐந்து ஊதினால், நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அந்தக் கப்பல் முழுசாகக் கடந்து பின்னால் போகிற வரைக்கும் பழைய பாதைக்குத் திரும்பக் கூடாது.

நேயர்களே, விளக்கு இரண்டும் கோட்டில் நிற்கிற கப்பல் உண்மையில் அவ்வளவு பயம் தருவதில்லை. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் வலப்பக்கம் திரும்புவார்கள். பயம் தருவது, நேராகவும் இல்லாமல், தெளிவாக விலகியும் இல்லாமல், கொஞ்சம் வலப்பக்கம் ஒட்டி வருகிற கப்பல்தான். 6 மைல் தூரத்தில் 3 பாகை வலப்பக்கம் தெரிகிறான் என்று வையுங்கள். அப்படியே போனால் சுமார் 580 மீட்டர் தள்ளி, வலப்பக்கத்தோடு வலப்பக்கமாகக் கடந்துவிடலாம் போலிருக்கும். இப்போது வலப்பக்கம் திரும்பினால் அவன் முன்னாலேயே குறுக்கே போகிற மாதிரி மனசுக்குப் படும். கொஞ்சம் இடப்பக்கம் ஒடித்து இடைவெளியைக் கூட்டிக்கொள்வோமே என்று கை சொல்லும். அந்தக் கையை நம்பக் கூடாது. ஏனென்றால் அதே நேரம் அவன், இது நேருக்கு நேர்தான் என்று முடிவு செய்து, விதிப்படி வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருப்பான். அவன் வலப்பக்கமும் நம் இடப்பக்கமும் ஒரே பக்கம்.

இப்படியேதான் நடந்தது 1956 ஜூலை 25 ராத்திரி. அமெரிக்காவின் நாண்டக்கெட் தீவுக்குத் தெற்கே, இத்தாலியின் ஆண்ட்ரியா டோரியா என்ற பயணிகள் கப்பல் நியூயார்க்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நியூயார்க்கிலிருந்து கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. டோரியா மூடுபனிக்குள் இருந்தது, ஆனாலும் வேகத்தை அதிகம் குறைக்கவில்லை. இரண்டும் சேர்ந்து நெருங்கிய வேகம் மணிக்கு ஏறக்குறைய 40 மைல். ஒரு மைலுக்கு ஒன்றரை நிமிடம்.

டோரியாவின் கேப்டன் பியரோ கலமாய் ரேடாரில் பார்த்தது, எதிர்க் கப்பல் சற்று வலப்பக்கம் இருப்பதாக. வலப்பக்கத்தோடு வலப்பக்கமாகக் கடந்துவிடலாம் என்று நினைத்து 4 பாகை இடப்பக்கம் திருப்பினார். அந்த 4 பாகை எதிர்க் கப்பலின் ரேடாரில் யார் கண்ணுக்கும் படக்கூடிய அளவு அல்ல. ஸ்டாக்ஹோமில் காவல் நின்ற இளம் அதிகாரியோ, டோரியா தனக்கு இடப்பக்கம் இருப்பதாகக் கணித்து, இடப்பக்கத்தோடு இடப்பக்கமாகக் கடந்துவிடலாம் என்று நினைத்தார். விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தபோது இடையில் இரண்டு மைல்கூட இல்லை. அப்போது ஸ்டாக்ஹோம் அதிகாரி வலப்பக்கம் திருப்ப, கலமாய் முழு மூச்சாக இடப்பக்கம் திருப்ப, ஸ்டாக்ஹோமின் அணியம் டோரியாவின் வலப்பக்க வயிற்றைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. இரண்டு கப்பலிலும் சேர்த்து 51 பேர் இறந்தார்கள். டோரியா மறுநாள் காலையில் மூழ்கியது. இரண்டிலும் ரேடார் இருந்தது, இரண்டிலும் அனுபவசாலிகள் இருந்தார்கள்.

அதனால்தான் பதினான்காவது விதியின் கடைசி வரி எனக்கு ரொம்பப் பெரிய வரியாகப் படும். நேருக்கு நேர் வருகிறானா இல்லையா என்று சந்தேகம் வந்தால், நேருக்கு நேர் என்றே எடுத்துக்கொண்டு அதன்படி செய் என்கிறது அது. சந்தேகத்தையே ஒரு விடையாக்கிவிட்டார்கள். பனியில் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்க முடியாதபோது வேறு விதி, பத்தொன்பதாவது. அங்கேயும், முன்பக்கம் இருக்கிற கப்பலுக்காக இடப்பக்கம் திரும்புவதைத் தவிர் என்றுதான் எழுதியிருக்கிறது.

நம் கரையிலும் ஒரு விடியற்காலை உண்டு. 2017 ஜனவரி 28, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே. துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய எரிவாயுக் கப்பல் பி.டபிள்யூ. மேப்பிளும், உள்ளே வந்துகொண்டிருந்த எண்ணெய்க் கப்பல் டான் காஞ்சிபுரமும் மோதிக்கொண்டன. பிறகு சென்னைக் கரையில் கருப்பு எண்ணெயை வாளி வாளியாக மனிதர்கள் கையால் அள்ளியதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். யார் பக்கம் தவறு என்பதற்குள் நான் போகவில்லை. ஒரு கப்பல் போக, ஒரு கப்பல் வர, எதிரெதிர் சந்திப்பு மிகுதியாக நடக்கிற இடம் துறைமுக வாசல் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தூத்துக்குடியில் தோணி ஓட்டுகிற தண்டல்மாருக்கும், விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாய் போய் இன்ஜின் வந்த நாளிலிருந்து உங்கள் கலமும் இதே விதிக்குள் வந்துவிட்டது. வலை கடலில் கிடக்கும்போது மட்டும் உங்களுக்கு வழிவிட வேண்டியது கப்பல்காரன் கடமை. அதற்கும் மீன்பிடி விளக்கு எரிய வேண்டும். வலையை எடுத்துவிட்டுக் கரைக்கு ஓடும்போது நீங்களும் வலப்பக்கம் திரும்பியே ஆக வேண்டும்.

விளக்கு மாற்றும்போது அவசரத்தில் சிவப்பை வலப்பக்கமும் பச்சையை இடப்பக்கமும் மாட்டிவிட்ட படகை நான் பார்த்திருக்கிறேன். தூரத்தில் இருப்பவன் அந்த விளக்கை நம்பித்தான் சுக்கானைத் திருப்புவான். இன்று ராத்திரி கடலுக்குப் போகிறவர்கள் கயிற்றை அவிழ்க்கும் முன் ஒரு முறை அணியத்தைப் பார்த்து நின்று சரிபாருங்கள்: இடது கைப் பக்கம் சிவப்பு, வலது கைப் பக்கம் பச்சை.