பிணைப்பை எண்ணி வெப்பத்தை அறிதல்

வாயு நிலையில் நிகழும் ஒரு ரசாயன வினையில் எவ்வளவு வெப்பம் வெளிப்படும் அல்லது உட்கொள்ளப்படும் என்பதை, வினையை நடத்திப் பாராமலே, சராசரிப் பிணைப்பு என்தால்பிகளின் அட்டவணை ஒன்றைத் துணைக்கொண்டு மதிப்பிட முடியும். முறிகின்ற பிணைப்புகளுக்குச் செலவாகும் சக்தியைக் கூட்டி, உருவாகின்ற பிணைப்புகளால் வெளிவரும் சக்தியை அதிலிருந்து கழிப்பதே முறை.

உரத் தொழிலுக்கு ஆதாரமான அம்மோனியாவையே எடுத்துக்கொள்வோம். ஒரு மோல் நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியா ஆகின்றன. நைட்ரஜனின் முப்பிணைப்பை முறிக்க 945 கிலோ ஜூலும், மூன்று ஹைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு 436 வீதம் 1308-உம் ஆகச் செலவு 2253. அம்மோனியா மூலக்கூறு ஒன்றில் மூன்று நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் இருத்தலால், இரண்டுக்கும் சேர்த்து ஆறு. 391 வீதம் வரவு 2346. வித்தியாசம் 93 கிலோ ஜூல் வெப்பமாக வெளிப்படுகிறது. பரிசோதனையில் கிடைப்பது ஏறத்தாழ 92.

இவ்விடத்தில் என் வகுப்பறை நினைவுக்கு வருகிறது. இரு மாணவர்கள் ஒரே கணக்கைப் பிழையின்றிச் செய்தும், ஒருவருக்கு 93-உம் மற்றவருக்கு 75-உம் விடையாக வந்தன. காரணம், ஒருவர் புத்தகத்தில் நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கு 391 என்றும் மற்றவர் புத்தகத்தில் 388 என்றும் அச்சிட்டிருந்ததே. மூன்று கிலோ ஜூல் அற்பமெனத் தோன்றலாம். ஆறு பிணைப்புகளுக்கு அது பதினெட்டாகிறது. அன்பர்களே, இரண்டாயிரத்தைத் தாண்டிய இரு பெருந்தொகைகளின் சிறு வித்தியாசத்தை நாம் தேடுகிறோம் என்பதை மறவாதீர்கள். இத்தகைய வினைகளில் அட்டவணையின் அணுவளவு மாறுபாடும் விடையை வெகுவாக அசைத்துவிடும்.

அட்டவணைகள் வேறுபடுவது ஏன் என்று கேட்கலாம். அம்மோனியாவிலிருந்து முதல் ஹைட்ரஜனைப் பிரிக்க 450 கிலோ ஜூல் அளவுக்குத் தேவைப்பட, கடைசி ஹைட்ரஜனுக்கு 340-க்கும் குறைவே போதும். ஒன்று நீங்கியதும் எஞ்சியவற்றின் நிலை மாறிவிடுகிறது. ஆகவே 391 என்பது மூன்றின் சராசரியேயன்றி, எந்த ஒரு பிணைப்பின் உண்மையான பலமும் அன்று. மேலும், அட்டவணை தருவது பல சேர்மங்களிலுள்ள அதே வகைப் பிணைப்புகளுக்குப் பொதுவான மதிப்பாகையால், எச்சேர்மங்களை முன்வைத்துச் சராசரி கண்டார்கள் என்பதைப் பொறுத்தும் எண் மாறும்.

இன்னுமொன்று சொல்லிவிடுகிறேன். வினைப்பொருள்களும் விளைபொருள்களும் யாவும் வாயுவாக இருந்தால்தான் இக்கணக்கு நேரடியாகப் பொருந்தும். திரவமாக ஒடுங்கினால் ஆவியாதல் வெப்பத்தையும் சேர்க்கவேண்டும்.

ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடாகும் வினையை நீங்களே போட்டுப் பாருங்கள்: முறிவன 436, 242, உருவாவன இரண்டு, 431 வீதம். எல்லாம் ஈரணு மூலக்கூறுகள், சராசரிக்கே இடமில்லை. எனவே நீங்கள் காணும் 184 கிலோ ஜூல் பரிசோதனையின் எண்ணோடு ஏறக்குறைய அப்படியே ஒத்திருக்கும்.