கெடு காத்திருக்காது



போன வருஷம் நம் தோட்டக் கமிட்டிச் செயலாளர் சுகமில்லாமல் பதுளை ஆஸ்பத்திரியில் படுத்தார். அவர் கையில் இருந்த ஒரு பைலை நாம் எடுத்தோம். ஓர் அக்காவை மார்ச் 3ஆம் திகதி வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். நீக்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் மனுப் போட வேண்டும். துரையோடு பேச்சு நடக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நிற்காது.

பைலில் மனுவின் பிரதி இருந்தது. மனுப் போய்விட்டது என்றே நினைத்தோம். ஆகஸ்ட் கடைசியில் செயலாளரைப் பார்க்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. "திரும்ப எடுக்கிறோம்" என்று துரை வாயால் சொன்னதை நம்பி, மனுவை அனுப்பாமல் வைத்திருந்தார். ஓடிப்போய்க் கொடுத்தோம்.

ஆகவே, பொறுப்பெடுத்த அன்றே மூன்றைக் கேளுங்கள்: நீக்கிய திகதி எது? அனுப்பியதற்குப் பதிவுத் தபால் துண்டு எங்கே? தாளில் இல்லாத வாய்ப்பேச்சு என்ன?

அக்காவிடம் புதிதாக வாக்குமூலம் எழுதி வாங்காதீர்கள். பழைய கடிதத்தோடு ஒரு திகதி முரண்பட்டாலும் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். நாம் செய்ததைத் திகதி போட்டு ஒரு தாளில் எழுதி, பைலின் மேலே வையுங்கள். செயலாளர் வந்ததும் அங்கிருந்தே தொடர்வார்.