பழைய நகை, புதிய நகை: இடையில் கரையும் பொன்

(வேளச்சேரியில் நடைபெற்ற குடும்பக் கூடலில் ஆற்றிய உரை)



நம்முள் பலர் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து சென்னைக்கு வந்து குடியேறியவர்கள். ஊரில் இருந்தபோது நம் பாட்டிமார் பழைய நகையை அழித்துப் புதியது செய்ய, பழக்கமான ஆசாரியிடம் கொடுப்பார்கள். இன்று தியாகராய நகருக்குச் செல்கிறோம். "பழைய நகைக்குக் கழிவே இல்லை" என்ற விளம்பரம் நம்மை அழைக்கிறது. அந்தக் கழிவு உண்மையில் எங்கே போயிற்று என்பதைத்தான் இன்று கணக்கிட்டுக் காட்ட விரும்புகிறேன்.

என் மூத்த சகோதரியார் தம் மகளின் திருமணத்திற்காக, எங்கள் அன்னையாரின் அட்டிகையை மாற்ற எண்ணினார். எடை 32 கிராம்; அதாவது நான்கு பவுன். இரண்டு கடைகளில் மதிப்பீடு எழுதி வாங்கி வந்து என் முன் வைத்தார். கடைகளின் பெயர் நமக்கு வேண்டா, கணக்கே போதும். எண்கள் எளிதாக அமைய, 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், பழைய நகைக்கு எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம். அட்டிகையிலிருந்த கற்களையும், உள்ளே அடைத்திருந்த அரக்கையும் நீக்கியபின் நின்றது 30 கிராம். அடுத்து மாற்றுப் பார்க்க வேண்டும். 22 காரட் என்பது நூற்றுக்கு 91.6 பங்கு பசும்பொன். ஆனால் அக்கால நகைகளில், குறிப்பாகப் பற்றவைப்பு மிகுந்தவற்றில், மாற்றுக் குறைவாகவே இருக்கும். எங்கள் அன்னையாரின் நகை 87 என்று வந்தது. ஆகவே 30 கிராமை 87ஆல் பெருக்கி 91.6ஆல் வகுத்தால், 22 காரட் கணக்கில் 28.49 கிராம். அதன் மதிப்பு 2,84,900 ரூபாய். இதுவரை சொன்ன குறைவு ஏமாற்று அன்று. பொன்னில் இல்லாத பொன்னுக்கு யாரும் விலை தர இயலாது.

இந்த 87 என்ற எண் எப்படி வந்தது என்பதில் கவனம் வேண்டும். கடையில் உள்ள காரட் மீட்டர் என்னும் எக்ஸ் கதிர்க் கருவி நகையின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். வழவழப்பான இடத்தில் வைத்தால் ஓர் எண் வரும். பற்றவைத்த இடத்தில் வைத்தால் அதைவிடக் குறைந்த எண் வரும். ஆகவே ஒரே இடத்தில் எடுத்த அளவை ஒப்புக்கொள்ளாமல், நாலைந்து இடங்களில் பார்க்கச் சொல்ல வேண்டும். உருக்கிப் பார்த்தால் எல்லாம் கலந்து சரியான சராசரி கிடைக்கும். ஆனால் உருக்கிய நகை மீண்டும் நகையாகாது. அதன்பின் "வேண்டாம்" என்று எழுந்து வருவது கடினம். எனவே உருக்குவதற்கு முன்பே, விலை ஒத்துவராவிட்டால் கட்டியைத் திரும்பத் தருவீர்களா என்று கேட்டு எழுதி வாங்குக. உருக்குமுன் எடை, உருக்கியபின் எடை இரண்டையும் கண்ணால் காண்க. உருக்கிய கட்டியின் எடைக்கே விலை போட்டபின், "உருக்குச் சேதம்" என்று மறுபடியும் கழித்தால், ஒரே குறைவை இருமுறை கழிக்கிறார்கள் என்று பொருள்.

இனி இரண்டு கடைகளின் கணக்குக்கு வருவோம். இரண்டிலும் வாங்க எண்ணிய புதிய நகை 28 கிராம். தங்கத்தின் விலை 2,80,000 ரூபாய்.

முதற்கடையில் பழைய நகைக்குக் கழிவே இல்லை. முழு 2,84,900 ரூபாய் தருவதாக எழுதியிருந்தார்கள். புதிய நகைக்குச் சேதாரம் நூற்றுக்கு 18. அது 50,400 ரூபாய். இரண்டும் சேர்ந்து 3,30,400. இதன்மேல் சரக்கு மற்றும் சேவை வரி நூற்றுக்கு 3 வீதம் 9,912. ஆக மொத்தம் 3,40,312. பழைய நகையின் மதிப்பைக் கழித்தால் கையிலிருந்து கொடுக்க வேண்டியது 55,412 ரூபாய்.

இரண்டாம் கடையில் பழைய நகைக்கு நூற்றுக்கு 2 கழித்து 2,79,202 ரூபாய்தான் தருவதாகச் சொன்னார்கள். சகோதரியாருக்கு அது மனக்குறை. ஆனால் அங்கே சேதாரம் நூற்றுக்கு 10 மட்டுமே. தங்கமும் சேதாரமும் 3,08,000, வரி 9,240, மொத்தம் 3,17,240. கொடுக்க வேண்டியது 38,038 ரூபாய்.

கழிவு கேட்ட கடையில் 17,374 ரூபாய் குறைவு! கழிவில்லை என்ற கடையில் 5,698 ரூபாயை ஒரு கையால் கொடுத்து, சேதாரத்தின் வழியே 22,400 ரூபாயை மறுகையால் கூடுதலாக வாங்கிக்கொள்கிறார்கள். அந்தச் சேதாரத்தின் மேல் வரியும் ஏறுகிறது.

வரியைப் பற்றி ஒரு சொல். கொடுத்தது போக மிச்சத்திற்குத்தான் வரி என்று பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. புதிய நகையின் முழு விலைக்கும் வரி உண்டு. முதற்கடைக் கணக்கில் வித்தியாசமான 45,500 ரூபாய்க்கு மட்டும் என்றால் வரி 1,365தான்; உண்மையில் செலுத்துவதோ 9,912. இது கடைக்காரர் குற்றமன்று, சட்டம் அப்படி.

இன்னொரு கோணத்தில் பாருங்கள். 28.49 கிராம் பொன்னைக் கொடுத்து 28 கிராம் பெறுகிறோம். மேலும் 55,412 ரூபாய் தருகிறோம். இரண்டையும் பொன்னாக்கினால் ஆறு கிராமுக்குச் சற்று மேல்; அதாவது முக்கால் பவுன் கரைந்துவிட்டது. மலிவான கடையிலும் அரைப் பவுனுக்கு மேல் கரைகிறது. அன்று அன்னையார் ஆசாரிக்குக் கொடுத்த கூலியும் சேதாரமும் திரும்பி வருவதில்லை. இன்று மறுபடியும், இன்றைய விலையில் கொடுக்கிறோம். கற்களுக்கும் இதே நிலை. வாங்கும்போது அவற்றுக்குத் தனி விலை. கொடுக்கும்போது அவை வெறுங்கழிவு. ஆகவே புதிய நகையில் கல்லின் எடையைத் தங்கத்தின் எடையோடு சேர்க்காமல் பில்லில் தனியே காட்டச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகுமுன் நடுநிலையான ஓர் எண் கையில் இருப்பது நல்லது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில் நம் சொந்த நகையையும் சோதித்துத் தருவார்கள். நான்கு நகைகள் வரை கட்டணம் 200 ரூபாய் என்று விதித்திருக்கிறார்கள். அந்த அமைவனத்தின் அலுவலகம் நம் வேளச்சேரிக்கு அடுத்த தரமணியிலேயே உள்ளது. சகோதரியாரும் அப்படியொரு மையத்தில் சோதித்த சீட்டுடன்தான் சென்றார். அதனால் மாற்றுப் பற்றி எந்தக் கடையும் வாதிடவில்லை. புதிய நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அக்குறியின்றி ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. கைபேசியில் BIS Care செயலியில் அதைத் தட்டினால் மாற்று எவ்வளவு என்று தெரியும். பின்னொரு நாள் அந்நகையை மாற்றும்போது 91.6ஐ நிலைநாட்ட அதுவே சான்று.

குறைந்த எடைக்கல்லும் கலப்படமும் கள்ளாமை விரதத்திற்குக் குற்றங்கள் என்று நம் முன்னோர் வகுத்தனர். விற்பவருக்கு அது நோன்பு. வாங்குபவர் செய்யத்தக்கது ஒன்றே: "பழையதற்கு என்ன தருவீர்கள்?" என்று கேட்டு நிறுத்தாமல், "எல்லாம் போக நான் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்டு, அந்த ஓர் எண்ணைக் கடைக்குக் கடை ஒப்பிடுவது.

சகோதரியார் இரு சீட்டுகளையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு அட்டிகையை மடியில் வைத்துக்கொண்டு, "அரைப் பவுன் கரைப்பதற்கு அம்மாவின் நகையையே அவளுக்குப் போட்டால் என்ன?" என்றார். 200 ரூபாய்க்குச் சோதித்த அந்த அட்டிகைக்குக் கற்களை மீண்டும் பதித்து, மெருகேற்றி, மணமேடையில் மகள் அணிந்தாள்.