கழிவுநீர்ச் சேறும் காட்மியக் கணக்கும்

கழிவுநீர்ச் சேற்றை வயலுக்கு இடுவது குறித்து 1986இல் ஐரோப்பியச் சமூகம் பிறப்பித்த நெறிமுறை, ஒரு ஹெக்டேர் நிலத்தில் சேரும் காட்மியம், பத்தாண்டுச் சராசரியில், ஆண்டுக்கு 150 கிராமைத் தாண்டக் கூடாது என வரையறுத்தது. ஈரத்தை முற்றிலும் நீக்கிய சேற்றில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதாவது டன்னுக்கு 10 கிராம் காட்மியம் இருந்தால், ஆண்டுக்கு 15 டன் உலர்சேறு இடலாம். ஈரச்சேற்றில் கால்பங்கே திடப்பொருள் என்றால், அது 60 டன் ஈரச்சேறு ஆகும்.

ஆய்வறிக்கையின் அளவு ஈர எடைக்குரியதா, உலர் எடைக்குரியதா என்று பாராமல் கணக்கிடுவோர், இங்கே நான்கு மடங்கு நச்சை வயலில் சேர்த்துவிடக்கூடும். இதுவே மிகவும் அஞ்சத்தக்க பிழை.

ஆண்டு வரம்போடு, மண்ணின் கொள்ளளவும் உண்டு. இருபது சென்டிமீட்டர் ஆழ உழவு மண், ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2600 டன் எடையுள்ளது. அம்மண்ணில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம் ஏற்கெனவே இருந்து, உச்சவரம்பு 3 எனில், எஞ்சிய இடம் 5.2 கிலோ மட்டுமே. மேற்சொன்ன அளவில் இட்டால் ஏறத்தாழ 35 ஆண்டுகளில் அது நிரம்பிவிடும். துத்தநாகம், ஈயம் போன்ற ஒவ்வோர் உலோகத்துக்கும் இக்கணக்கைத் தனித்தனியே போட்டு, கிடைக்கும் விடைகளில் மிகக் குறைந்ததையே வரம்பாகக் கொள்ள வேண்டும்.