வருந்துகிறோமா, வருத்தம் தெரிவிக்கப்படுகிறதா?

ரயில் தாமதமாகும்போது நிலையத்து ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் ஒலிக்கும் ‘தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்’ என்னும் வாக்கியத்தின் பொருள் எவருக்கும் விளங்கும். அதன் தொனியைத் தமிழில் கொண்டுவருவதுதான் கடினம். தொனி என்பது, சொல்பவர் கேட்பவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார், எவ்வளவு பணிகிறார், எவ்வளவு உணர்ச்சியைக் காட்டுகிறார் என்பதைப் பொருளுக்கு மேலாக உணர்த்தும் தன்மையாகும். இவ்வாக்கியத்துக்கு இரண்டு தமிழ் வடிவங்களைக் கருதலாம். ‘ஏற்பட்ட அசௌகரியத்திற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கப்படுகிறது’ என்பது முதலாவது. ‘ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்’ என்பது இரண்டாவது.

இரண்டையும் எடைபோடுவதற்கு முன் மூலத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதில் சிரமத்தை உண்டாக்கியவர் யார் என்பதும் இல்லை, வருந்துபவர் யார் என்பதும் இல்லை. செய்பவரை விட்டுவிட்டுச் செய்யப்பட்டதை மட்டும் முன்னிறுத்தும் இந்த அமைப்பை இலக்கணம் செயப்பாட்டு வினை என்கிறது. ஆனால் ஆங்கில அலுவலக நடையில் இது அன்றாட வழக்கு என்பதால், அதில் உள்ள குளிர்ச்சி யாரையும் உறுத்துவதில்லை. ‘டீப்லி’ என்ற சொல்லும் பழகிப் பழகி ஆழத்தை இழந்துவிட்டது. ஆகவே மூலத்தின் தொனி மரியாதையானது, சற்று விலகி நிற்பது, வழக்கமானது; அதில் துயரமும் இல்லை, மன்றாடலும் இல்லை.

முதல் வடிவம் மூலத்தின் இலக்கணத்தை ஏறத்தாழ அப்படியே பின்பற்றுகிறது. அதனாலேயே நம்பகமானதாகத் தோன்றுகிறது. எனினும் தமிழில் ‘படு’ என்னும் துணைவினை சேர்ந்த செயப்பாட்டு வினை, ஆங்கிலத்தில் போல எங்கும் புழங்குவதன்று. ‘இதனால் அறிவிக்கப்படுகிறது’, ‘எச்சரிக்கப்படுகிறார்கள்’ என்று அரசாணைகளிலும் அறிவிப்புப் பலகைகளிலும்தான் அது பெரிதும் தென்படுகிறது. வானொலி நேயர்கள் இவ்வடிவத்தை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தால், அதன் முடிவில் ஓர் ஆணையின் விறைப்பு ஒலிப்பதைக் கேட்கலாம். ‘ஆழ்ந்த’ என்ற சொல்லோ நேர்மாறானது: தமிழர் செவியில் அது ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற தொடருடன் ஒட்டியே வருவதால், நாற்பது நிமிடத் தாமதத்துக்குச் சாவு வீட்டின் சாயலைக் கொண்டுவந்துவிடுகிறது. ஒரே வாக்கியத்தின் நடுப்பகுதி அழ, முடிவு இறுகி நிற்கிறது. மூலத்தில் அத்தகைய பிளவு இல்லை.

இரண்டாம் வடிவத்திலும் ஓர் இழப்பு உண்டு. ‘வருந்துகிறோம்’ என்பதன் ஈற்றிலுள்ள ‘ஓம்’ தன்மைப் பன்மை விகுதி, அதாவது ‘நாம்’ அல்லது ‘நாங்கள்’ என்னும் எழுவாயைக் காட்டும் உறுப்பு. மூலம் மறைத்துவைத்த நிர்வாகத்தை அது சற்றே வெளியே இழுக்கிறது. ஆயினும் தொலைக்காட்சித் திரையில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற எழுத்துகளைப் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு, அந்த ‘ஓம்’ எந்த மனிதரையும் நினைவூட்டுவதில்லை; ஆங்கிலத் தொடர் தேய்ந்திருக்கும் அளவுக்கு இதுவும் தேய்ந்த வாய்பாடு, அதுவே இதன் பலம். மேலும் ‘ஏற்படுத்திய’ என்றால் தவறு செய்தவர் தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால், இரு வடிவங்களும் தேர்ந்துள்ள ‘ஏற்பட்ட’ என்ற சொல் மூலத்தின் சாமர்த்தியத்தைச் சிந்தாமல் வைத்திருக்கிறது. விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டிருந்த யூஜின் நைடா, 1964இல் வெளிவந்த தம் நூலில், வடிவத்தை ஒத்திருப்பதையும் கேட்பவரிடம் எழும் விளைவை ஒத்திருப்பதையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார். இங்கே முதல் வடிவம் முன்னதையும் இரண்டாம் வடிவம் பின்னதையும் காக்கின்றன. தொனியே அளவுகோல் என்றால் இரண்டாவதுதான் மேல்.

இத்தீர்ப்பைச் சோதிக்க இரண்டையும் மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்துப் பார்ப்பது உதவாது, ஏனெனில் இரண்டும் ஏறத்தாழ ஒரே ஆங்கில வாக்கியமாகவே திரும்பும்; வேறுபாடு தமிழ்ச் செவியில் மட்டுமே இருக்கிறது. மூலத்தைக் காட்டாமல், ஒவ்வொரு வடிவத்தையும் தனியே ஒருவரிடம் சொல்லி, ‘இதை யார், எங்கே சொல்லியிருப்பார்கள்?’ என்று கேட்பதே பயன்தரும் வழி. நேயர்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். விடையாக ரயில் நிலையம் வருகிறதா, அரசாணை வருகிறதா, இரங்கற் கூட்டம் வருகிறதா என்பதில் தீர்ப்பு அடங்கியிருக்கும்.

இத்தீர்ப்பு ஒலிபெருக்கி அறிவிப்புக்கே உரியது என்பதையும், நேரம் நெருங்குவதால், சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். ரயில்வே எழுத்தர் ஒருவரின் விறைப்பைக் கேலி செய்யும் நாவலில் இதே ஆங்கில வாக்கியம் வந்தால், மொழிபெயர்ப்பாளர் முதல் வடிவத்தையே எடுக்க வேண்டியிருக்கும். அறிவிப்பில் குற்றமாக நின்ற அந்த ‘ஆழ்ந்த’, அங்கே வாசகரைச் சிரிக்க வைக்கும்.